மெர்ஜ் சார்ட்டில் தலைகீழ் ஜோடிகளை எண்ணுவது

கேள்வி: ஒரு பட்டியல் வரிசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க மெர்ஜ் சார்ட்டில் இன்வெர்ஷன் எண்ணுகிறார்கள். ஆனால் பாதிப் பாதியாக அடுக்கும்போதே எண்களின் பழைய இடம் போய்விடுகிறதே? அப்புறம் எதை வைத்து எண்ணுவது? கோட் ஓடுகிறது, எனக்குத்தான் புரியவில்லை.

பழைய இடம் போவது உண்மைதான், ஆனால் போகிற நேரத்தில் அது நமக்குத் தேவைப்படாது. முழு விஷயமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கோடைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதையே பார்ப்போம்.

இன்வெர்ஷன் என்றால் முன்னால் நிற்கும் எண் பின்னால் நிற்கும் எண்ணைவிடப் பெரியதாக இருக்கிற ஒரு ஜோடி. பட்டியலை நடுவில் வெட்டினால் எந்த ஜோடியும் மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: இரண்டு எண்ணும் இடப்பாதியில், இரண்டும் வலப்பாதியில், அல்லது இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. முதல் இரண்டு வகையும் அந்தந்தப் பாதியை அடுக்கும்போதே எண்ணி முடிந்துவிடும். மிச்சம் இருப்பது எல்லை தாண்டும் ஜோடிகள். ஒரு ஜோடியில் ஒரு எண் இடப்பாதியிலும் மற்றது வலப்பாதியிலும் இருந்தால், முன்னால் நிற்பது எது என்ற கேள்விக்கு இடம் தெரியவே வேண்டாம், இடப்பாதியில் இருப்பது எப்போதும் முன்னால்தான். இடப்பாதிக்குள் அது முதலில் நின்றதா கடைசியில் நின்றதா என்பது அந்த ஜோடியைப் பொறுத்தவரை ஒன்றையும் மாற்றாது. ஆக, பாதிக்குள் இருந்த வரிசையை நாம் கலைப்பது அதற்கான கணக்கை முடித்த பிறகுதான்.

சரி, கலைப்பதில் நஷ்டமில்லை, லாபம் என்ன? இரண்டு பாதியும் அடுக்கியிருப்பதால் ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிட வேண்டியதில்லை. இணைக்கும்போது வலப்பக்கத்து எண் ஒன்று முந்திக்கொண்டு போகிறது என்றால், இடப்பக்கம் இன்னும் எடுக்கப்படாமல் நிற்கிற எல்லா எண்ணும் அதைவிடப் பெரியவை. அந்த வலப்பக்கத்து எண் அத்தனை பேரையும் தாண்டிப் போகிறது, அத்தனையும் இன்வெர்ஷன், ஒரே கூட்டலில் முடிந்தது.

`5 2 8 1 7 3 6 4` என்ற பட்டியலைக் கையால் போட்டுப் பார்ப்போம்.

இடப்பாதி `5 2 8 1`. இதில் 5-2 ஒரு ஜோடி, 8-1 ஒரு ஜோடி. பிறகு `2 5` உடன் `1 8` ஐ இணைக்கும்போது 1 வந்து 2, 5 இரண்டையும் தாண்டுகிறது, அது 2. மொத்தம் 4, பாதி `1 2 5 8` ஆகிவிட்டது. வலப்பாதி `7 3 6 4` இலும் அதே மாதிரி: 7-3 ஒன்று, 6-4 ஒன்று, பிறகு `3 7` உடன் `4 6` சேரும்போது 4 வந்து 7 ஐத் தாண்டுகிறது, 6 உம் 7 ஐத் தாண்டுகிறது. இங்கேயும் 4, பாதி `3 4 6 7`.

இப்போது கடைசி இணைப்பு, `1 2 5 8` உடன் `3 4 6 7`. 1, 2 சும்மா போகின்றன. 3 போகும்போது இடப்பக்கம் 5, 8 நிற்கின்றன, அதனால் 2 கூட்டு. 4 க்கும் அதே இரண்டு பேர், இன்னொரு 2. பிறகு 5 தன் முறைக்குப் போகிறது, கூட்ட எதுவும் இல்லை. 6 க்கு 8 மட்டும், 7 க்கும் 8 மட்டும். ஆக 6. மொத்தம் 4 + 4 + 6 = 14. நம்பிக்கை இல்லை என்றால் பழைய பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் வலப்பக்கம் எத்தனை சிறிய எண் என்று எண்ணிப் பாருங்கள், 4 + 1 + 5 + 0 + 3 + 0 + 1 + 0, அதே 14.

பைத்தானில் இவ்வளவுதான்:

```python
def count(a):
    if len(a) < 2:
        return a, 0
    m = len(a) // 2
    L, x = count(a[:m])
    R, y = count(a[m:])
    out, i, j, c = [], 0, 0, x + y
    while i < len(L) and j < len(R):
        if L[i] <= R[j]:
            out.append(L[i])
            i += 1
        else:
            out.append(R[j])
            j += 1
            c += len(L) - i
    return out + L[i:] + R[j:], c
```

சாதாரண மெர்ஜ் சார்ட்டோடு ஒப்பிட்டால் கூடுதலாக வேலை செய்வது `c += len(L) - i` என்ற வரிதான். பலர் அந்த இடத்தில் `c += 1` என்று எழுதிவிடுகிறார்கள். சோகம் என்னவென்றால் பட்டியல் சரியாக அடுக்கப்பட்டு வெளியே வரும், எண்ணிக்கை மட்டும் தப்பாக இருக்கும், அதனால் கண்ணில் படாது. மேலே உள்ள பட்டியலுக்கு 14 க்குப் பதில் 11 தரும். இதைப் பிடிக்க `8 7 6 5 4 3 2 1` கொடுங்கள். எல்லா ஜோடியும் தலைகீழ் என்பதால் n(n-1)/2, அதாவது 28 வர வேண்டும், தப்பான கோட் 12 தான் தரும்.

இன்னொன்று அந்த `<=`. அதை `<` என்று மாற்றினால் சமமான எண்களும் இன்வெர்ஷனாகக் கணக்கில் ஏறிவிடும். `3 3 3 3` கொடுத்தால் 0 வர வேண்டிய இடத்தில் 6 வரும். அடுக்கிய பட்டியலைப் பார்த்தால் இதுவும் தெரியாது.

சி++, ஜாவா ஆட்கள் `c` ஐ 32 பிட் `int` இல் வைக்காதீர்கள். 65,536 எண்கள் வரை தாங்கும், 65,537 எண்கள் முழுத் தலைகீழாக வந்தால் எண்ணிக்கை 2,147,516,416, `int` இன் எல்லை 2,147,483,647. மறை எண் வெளியே வந்தால் காரணம் அநேகமாக இதுதான். வேகத்தைப் பற்றி நீட்ட வேண்டாம்: ஒரு லட்சம் எண்களுக்கு எல்லா ஜோடியையும் பார்த்தால் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடு, இந்த வழியில் 17 லட்சத்துக்குள் முடியும்.

இனி, வந்த 14 ஐ எப்படிப் படிப்பது? பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் இடம் மாற்றி இந்தப் பட்டியலை அடுக்குவதென்றால் குறைந்தது 14 மாற்றங்கள் வேண்டும், அதுதான் அதன் நேரடியான பொருள். பபிள் சார்ட் சரியாக அத்தனை தடவைதான் இடம் மாற்றும். ஆனால் அதிகபட்சம் 28, நமக்கு 14, அதனால் பட்டியல் பாதி அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டாலே சராசரியாக n(n-1)/4 வரும், எட்டு எண்ணுக்கு அது சரியாக 14. அதாவது பாதி என்பது வரிசையே இல்லை என்று அர்த்தம். 1 - 4c/(n(n-1)) என்று மாற்றிக்கொண்டால் (கெண்டால் டௌ என்பது இதுதான், சம எண்கள் இல்லாதபோது) அடுக்கியது 1, முழுத் தலைகீழ் -1, நம் பட்டியல் 0 என்று வரும். எனக்கு இந்த அளவுதான் பார்த்ததும் புரிகிறது.

இந்த அளவை எல்லா இடத்திலும் நம்பவும் முடியாது. `8 1 2 3 4 5 6 7` இல் 8 ஐ மட்டும் உருவிக் கடைசியில் செருகினால் போதும், ஆனால் இன்வெர்ஷன் 7. `2 1 4 3 6 5 8 7` இல் ஒரு எண்கூடத் தன் இடத்தில் இல்லை, இன்வெர்ஷன் 4 தான். எண்கள் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் இந்த விடை நியாயமானது. எத்தனை எண்களை உருவி எடுத்து வேறு இடத்தில் செருக வேண்டும் என்பது கேள்வியாக இருந்தால், மிக நீளமான ஏறும் துணைத்தொடரின் நீளத்தை n இலிருந்து கழித்துப் பாருங்கள். முதல் பட்டியலுக்கு 1, இரண்டாவதுக்கு 4.