மொட்டை மாடிக்கு எத்தனை கிலோ?

ஐயா, வணக்கம். கீழக்கரை, மண்டபம் பக்கம் வீடு கட்டும் கான்ட்ராக்டர்களுக்காக ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். டெட் லோடு, லைவ் லோடு, நிலநடுக்க மண்டலம் என மூன்று பகுதி. வரிக்கு வரி எழுதிவிட்டேன், ஆனால் படித்த ஒரு கான்ட்ராக்டர் "சரி, நான் என்ன செய்யணும்?" என்கிறார். எங்கே மாற்றுவது?
- ஒரு வாசகர், ராமநாதபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அலகை மாற்றுங்கள். உங்கள் குறிப்பில் எல்லாம் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று இருக்கும். அவரோ சதுர அடியிலும் கிலோவிலும் கணக்குப் பார்ப்பவர். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி தரும் லைவ் லோடு, அதாவது ஆட்கள், பொருட்கள் என வந்து போகும் எடை, 1.5 கிலோநியூட்டன். அது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. வீட்டு அறைக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 19 கிலோ. ஐந்து அங்குல ஸ்லாபின் சொந்த எடையே சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ. இதுதான் டெட் லோடு, அது எப்போதும் அங்கேயே இருக்கும்.

இப்போது பூச்சு வேலைக்கு மணலை மாடியில் கொட்டுகிறார்கள். ஒரு கன அடி மணல் சுமார் 45 கிலோ. ஓர் அடி உயரக் குவியல் என்றால் 14 கிலோவுக்கான இடத்தில் 45 கிலோ. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். 2000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே இரண்டு டன். அடிப்பரப்பு 16 சதுர அடி என்று வைத்தால் சதுர அடிக்கு 125 கிலோ வருகிறது. எனவே "தொட்டி ஸ்லாபின் நடுவில் வேண்டாம், வரைபடத்தில் காட்டிய பீம்களின் மேல் மட்டும்" என்று தனி வரியாக எழுதுங்கள். இடத்தை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சுமையைப் பெருக்கும் 1.5 என்ற பாதுகாப்புக் காரணி. "ஒன்றரை மடங்கு தாங்கும்" என்று படித்தால் அவர் அந்த மிச்சத்தைச் செலவழித்துவிடுவார். எதிர்பாராமல் கூடும் சுமை, கணக்கில் வரும் பிழை, வேலையில் வரும் அளவு வித்தியாசம் எல்லாவற்றையும் அது சமாளிக்க வேண்டும். மேஸ்திரியிடம் போகும் தாளில் அதைப் போடவே வேண்டாம்.

நிலநடுக்கப் பகுதியைச் சுருக்கலாம். ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பில் ராமநாதபுரம் இரண்டாம் மண்டலம். முதல் மண்டலம் 2002 திருத்தத்திலேயே போய்விட்டதால் இதுதான் மிகக் குறைந்த படி. ஆனாலும் பக்கவாட்டு விசை பூஜ்யமில்லை. சாதாரண பீம்-தூண் சட்டகமுள்ள தாழ்ந்த கட்டடத்தில் அது எடையில் சுமார் 4 சதவீதம். நூறு டன் வீட்டுக்கு நான்கு டன். அதே எடை உச்சியில் இருந்தால் தூண்களுக்கு இன்னும் பாடு. பிறகு சேர்த்துக் கட்டும் மாடி அறையும் இந்தக் கணக்கில்தான் வரும். "இங்கே நிலநடுக்கம் ஏது" என்று தூண் ரிங்குகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் பழக்கம் உண்டு. குறிப்பில் எழுதிய இடைவெளியையே கம்பி கட்டும்போது டேப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க வழியில்லை.