முகம் பளிச்சென்று இருக்கிறது, ஜாடைதான் இல்லை: வாசகர் கேள்விகள்

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். படத்தை ஏஐ-யில் கொடுத்து எதையோ மாற்றியிருக்கிறார்கள், மாற்றச் சொல்லாத முகமும் சேர்ந்து மாறிவிட்டது. கும்பகோணத்தில் டச்சப் மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் இப்போது இதுதான் பெரும்பாலான வேலை.

மகள் கல்யாணப் படத்தில் பின்னால் பெடஸ்டல் ஃபேனும் கேஸ் சிலிண்டரும் தெரிந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புஷ்ய மண்டபப் படித்துறை மாதிரி பின்னணி வைத்தேன். முகத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் பெண்ணைப் பார்த்தால் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறாள். எங்கே தப்பு? (திருவையாறு வாசகி)

நீங்கள் தொடவில்லை, கருவி தொட்டுவிட்டது. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் அளந்து பார்த்தேன். ஃபோனில் எடுத்த அசல் 3000-க்கு 4000 பிக்சல். அதில் மணப்பெண்ணின் முகம் சுமார் 260 பிக்சல் அகலம். செயலி திருப்பிக் கொடுத்த படம் 768-க்கு 1024. அதாவது முகம் 66 பிக்சலாகச் சுருங்கிவிட்டது. இது முதல் இழப்பு.

இரண்டாவது இழப்பு உள்ளே நடக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையைச் சேர்ந்த, படம் உருவாக்கும் ஏஐ மாடல்கள் படத்தைப் பிக்சலாக வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தின் மேல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பவும் படமாக விரிக்கின்றன. 66 பிக்சல் முகத்துக்கு அங்கே குறுக்கே எட்டுக் கட்டம்தான் கிடைக்கும். ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கட்டம். இமை மடிப்பும் உதட்டோரக் குழியும் அதற்குள் எப்படி நிற்கும்? விரிக்கும்போது அந்த இடத்தை மாடல் தனக்குப் பழகிய ஒரு பொதுவான கண்ணை வைத்து நிரப்புகிறது. முகத்துக்கு வெளியே மட்டும் மாஸ்க் போட்டு, அங்கே மட்டும் மாற்றச் சொல்லியிருந்தாலும் முழுப்படமும் இந்தச் சுருக்கி விரிக்கும் வழியாகத்தான் போகிறது. சில செயலிகள் மாஸ்குக்கு வெளியே உள்ளதை அசலிலிருந்து எடுத்துத் திரும்ப ஒட்டிக் கொடுக்கும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

அதனால் முகத்தைக் கூர்மையாக்கும் கருவியைத் தேட வேண்டாம். உங்களிடம் அசல் இருக்கிறது. அந்தப் பிக்சல்களையே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதும். நான் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

ஏஐ கொடுத்த படத்தை 3000-க்கு 4000 ஆகப் பெரிதாக்கிக் கீழே வைத்தேன். அதன் மேல் அசலை ஒரு லேயராக வைத்து, லேயர் மோடை Difference ஆக்கினேன். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே கறுப்பாகத் தெரியும். உங்கள் படத்தில் தோள், புடவை ஜரிகை ஓரமெல்லாம் இரட்டைக் கோடாகத் தெரிந்தது. மேல் லேயரை மூன்று பிக்சல் இடப்பக்கம் நகர்த்தியதும் அந்தக் கோடுகள் ஒடுங்கிவிட்டன, முகத்தில் கண், மூக்கு ஓரத்தில் மட்டும் வெளிச்சம் மிஞ்சியது. ஜாடை மாறிய இடம் துல்லியமாக அதுதான். பிறகு மோடை Normal-க்கு மாற்றி, மேல் லேயரை முழுதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் சேர்த்து, மென்மையான வெள்ளைப் பிரஷால் முகத்தைத் திறந்தேன்.

எல்லை எங்கே விழுகிறது என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. கன்னத்தின் நடுவிலோ தாடை ஓரத்திலோ எல்லை வைத்தால் முகமூடி மாட்டியது போல இருக்கும். மேலே தலைமுடிக்குள்ளும், கீழே கழுத்தைத் தாண்டி அட்டிகை அல்லது ரவிக்கை விளிம்பிலும் முடியட்டும். பூவும் நெற்றிச்சுட்டியும் அசலாகவே வரட்டும், ஏஐ நகைகளைக் குழப்பாமல் விட்டதை நான் பார்த்ததில்லை. கைகளையும் அப்படியே திறந்துவிட்டேன், மருதாணி அழிந்திருந்தது.

அப்புறம் நிறம். மண்டபத்து டியூப்லைட்டில் எடுத்த முகம், படித்துறையின் மாலை வெயிலில் நீலம் பூத்துத் தெரியும். ஏஐ படத்தில் நெற்றியின் நிறத்தையும் அசலில் அதே இடத்தின் நிறத்தையும் கலர் பிக்கரால் பார்த்துக்கொண்டு, முக லேயரில் Curves போய்ச் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி நீலத்தை இறக்கினேன். முழுதாக ஈடுகட்ட வேண்டாம், முக்கால் பங்கு வந்தாலே கண் ஏற்றுக்கொள்ளும். கடைசியாக, பெரிதாக்கிய பின்னணி வழவழவென்று இருந்தது, முகத்தில் கேமராவின் பொடிப்புள்ளிகள் இருந்தன. நிறையப் பேர் இங்கே முகத்தை மழுக்கிவிடுகிறார்கள். நான் பின்னணிக்கு RGB Noise கொஞ்சம் தூவினேன். இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தது போல ஆகிவிட்டது.

இந்த முறை கைவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் முதல் முயற்சியில் சூரியன் வலப்பக்கம் இருந்தது, அசலில் மூக்கின் நிழலும் வலப்பக்கம் விழுகிறது. அதை எந்த Curves-ம் சரிசெய்யாது. பின்னணியைத்தான் மறுபடி செய்யவேண்டும், வெளிச்சம் இடமிருந்து வரும்படி.

தாத்தாவின் ஒரே படம் கஜா புயலில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஃபோனில் எடுத்து ஏஐ-யில் சரிசெய்தோம், பிறகு முகம் மங்கலாக இருக்கிறதே என்று கோட்ஃபார்மரிலும் போட்டோம். பளிச்சென்று வந்தது. ஆனால் அத்தை பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றுவிட்டார்கள். (மன்னார்குடி வாசகர்)

அத்தை சொன்னதை நம்புங்கள். ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற முகம் தெளிவாக்கும் கருவிகள் மங்கிய முகத்தில் மறைந்திருப்பதை வெளியே எடுப்பதில்லை. FFHQ என்ற தொகுப்பில் இருக்கும் 70,000 முகப்படங்களிலிருந்து முகம் என்றால் எப்படி இருக்கும் என்று பழகியவை. உங்கள் தாத்தாவின் கண்ணிமை அழிந்த இடத்தில் பொருந்தக்கூடிய வேறு ஓர் இமையை வைக்கின்றன. அதுவும் நீங்கள் கொடுத்தது அசல் இல்லை, முதல் ஏஐ ஏற்கெனவே மாற்றிய முகம். மாறிய முகத்தைத்தான் கோட்ஃபார்மர் கூர்மையாக்கியிருக்கிறது.

அதனால் திரும்ப அசலுக்குப் போங்கள். முதலில் ஒன்று: ஒட்டிய படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்காதீர்கள். உரித்தால் படத்தின் மேல்படலம் கண்ணாடியோடு போய்விடும், அப்புறம் எவராலும் எதுவும் செய்ய முடியாது. ஃபிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேனரில் வையுங்கள். 1200 டிபிஐ-யில் எடுத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் அகல முகத்துக்கு 700 பிக்சல் கிடைக்கும். சில மெல்லிய ஸ்கேனர்களில் கண்ணாடித் தடிமனுக்கே படம் மங்கிவிடும். அப்படியானால் ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் எதிரே நின்று கேமராவில் எடுக்கவேண்டும்.

அந்த ஸ்கேனையே மேல் லேயராக வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ சரிசெய்த சட்டை, துண்டு, பின்சுவர் எல்லாம் கீழே இருக்கட்டும், அங்கே ஜாடை இல்லை. முகத்தில் கறை படிந்த இடங்களை மட்டும் Heal கருவியால் கையால் மூடுங்கள். அதன் பிறகும் மங்கலாகத் தெரிந்தால் ஸ்கேனிலிருந்தே கோட்ஃபார்மர் ஓட்டலாம். அதில் w என்ற எண் 0 முதல் 1 வரை போகும். எண் குறையக் குறைய முகம் அழகாகும், அந்நியமாகவும் ஆகும். 0.9 வைத்து, வந்த முகத்தை ஸ்கேனின் மேல் 30 சதவீத அடர்த்தியில் மட்டும் போட்டுப் பாருங்கள். கண், வாய் இரண்டிலும் அந்த லேயரை அழித்துவிடுவது என் வழக்கம், தோலில் மட்டும் இருக்கட்டும். கடுக்கனும் திருநீற்றுக் கோடும் ஸ்கேனில் உள்ளபடியே நிற்கவேண்டும்.

இடக்கண் முழுதும் கறையில் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலக்கண்ணைத் திருப்பி ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், இரு கண்ணும் ஒன்றுபோல உள்ள மனிதர் கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் தாத்தா ஓரத்தில் நின்றிருந்தாலும் போதும், ஏறக்குறைய அதே பக்கம் பார்க்கும் படமாகத் தேடிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தக் கண் கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும். மங்கலான தாத்தாவை அத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

ஜாடை மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்க்கப் பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. (பாபநாசம் வாசகர்)

ஒரு மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்தால் கண் பழகிவிடும், எனக்கும் அப்படித்தான். இரண்டு லேயரையும் வைத்து, மேலே உள்ளதைக் காட்டி மறைக்கும் கண் குறியை அழுத்தி அழுத்தி மாற்றிக் காட்டுங்கள். எது துள்ளுகிறதோ அது மாறியிருக்கிறது. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும், மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை உள்ள தூரத்தையும் இரண்டு படத்திலும் அளந்து விகிதம் பாருங்கள். ஏஐ வழக்கமாக மோவாயைச் சிறிதாக்கும், கண்ணைப் பெரிதாக்கும். அதைவிட முக்கியம், ஒருபக்கமாக உள்ளவை: மச்சம், சற்றே ஏறிய ஒரு புருவம், பல் இடைவெளி, மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது. முகத்தை இருபுறமும் சமமாக்கும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு இருக்கிறது, ஜாடை முதலில் போவது அதனால்தான்.

யாரிடம் காட்டுவது என்பதும் உண்டு. படத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள், அவருக்குப் பழக்கம் கண்ணாடியில் தெரியும் திரும்பிய முகம். கூடவே இருப்பவரிடம், முன்னுரை எதுவும் சொல்லாமல், ஃபோன் திரையில் சின்னதாகக் காட்டுங்கள்.

குழுப்படத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்தவரை நேராகப் பார்க்க வைத்தேன். அசல் முகத்தை ஒட்ட முடியவில்லை. என்ன வழி? (மயிலாடுதுறை, ஸ்டுடியோ வைத்திருப்பவர்)

அந்தக் கோணத்தில் அசல் பிக்சலே இல்லை, ஆகவே மீட்பதற்கும் ஒன்றும் இல்லை. அதே நிகழ்ச்சியில் அவர் நேராகப் பார்க்கும் வேறு படம் இருந்தால் அதிலிருந்து தலையை முழுதாக எடுத்து வையுங்கள். முகம் மாற்றும் கருவிகளில் பரவலாக உள்ள இன்ஸ்வாப்பர் 128-க்கு 128 பிக்சலில்தான் முகம் தரும். சின்ன முகத்துக்குப் பரவாயில்லை, ஃப்ளெக்ஸுக்கு ஆகாது. வேறு படமும் இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பக்கவாட்டு முகத்தையே விட்டுவிடுங்கள்.

என்னிடம் ஃபோன் மட்டும்தான். (திருவாரூர் வாசகி)

ஸ்னாப்சீட் செயலியில் ஏஐ படத்தைத் திறந்து, Double Exposure-ல் அசலைச் சேர்த்து, அடர்த்தியை முழுதாக ஏற்றுங்கள். பிறகு View edits போய் அந்தப் படியைத் தொட்டால் பிரஷ் வரும், முகத்தின் மேல் மட்டும் தேயுங்கள். இரண்டு படமும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தால் நன்றாக உட்காரும். அசலை யாரிடமாவது வாட்ஸ்அப்பில் வாங்குவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் வழியிலேயே சுருங்கி, ஒட்ட வேண்டிய முகமும் மங்கிப்போயிருக்கும்.