லேயர் மாஸ்க்: கருப்பு படத்தின் மேலேயே படிகிறது

"போட்டோஷாப்பில் மாஸ்க் சேர்த்துக் கருப்பு பிரஷால் தீட்டினேன். பின்னணி மறையாமல் படத்திலேயே கருப்பு படிகிறது."

லேயர்ஸ் பேனலில் படத்தின் சிறுபடத்துக்கு வலப்புறமுள்ள வெள்ளைக் கட்டத்தை, அதாவது மாஸ்க்கை, ஒருமுறை சொடுக்கிவிட்டுத் தீட்டுங்கள். அதற்கு முன், படிந்த கருப்பை Ctrl+Z கொண்டு நீக்கிவிடுங்கள்.

மாஸ்க் சேர்த்த பிறகு படத்தின் சிறுபடத்தைத் தவறுதலாகச் சொடுக்கியிருப்பீர்கள். எந்தக் கட்டத்தைச் சுற்றிச் சட்டம் தெரிகிறதோ அதில்தான் பிரஷ் தீட்டும்.

சரிபார்க்க, Alt விசையை அழுத்தியபடி மாஸ்க்கைச் சொடுக்கினால், நீங்கள் தீட்டியது கருப்பு வெள்ளையாகத் திரை முழுவதும் தெரியும். கருப்பு மறைத்த இடத்தை வெள்ளையால் தீட்டினால் பின்னணி அப்படியே திரும்பிவிடும். அழிப்பானால் அழித்ததற்கு இந்த வசதி இல்லை என்பதால்தான் மாஸ்க்கை வலியுறுத்துகிறேன்.

ஆனால், Apply Layer Mask கொடுத்துவிட்டாலோ, ஜேபெக்காக மட்டும் சேமித்து மூடிவிட்டாலோ மறைத்த பகுதியை மீட்க முடியாது. ஆகவே, பிஎஸ்டி கோப்பு ஒன்றையும் சேமித்து வையுங்கள்.