சதவீதம் போட்டால் பக்கத்தில் ஆள் கணக்கும் வேண்டும்: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி பக்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை: அக்கா, குறுவையில் நேரடி விதைப்பு செய்தவர்களிடம் கேட்டோம். 75 சதவீதம் பேர் அடுத்த வருஷமும் அப்படித்தான் விதைப்போம் என்கிறார்கள். வங்கிக்குக் காட்டும் ஸ்லைடில் 75% என்று பெரிசா போடலாமா? கேட்டது 8 பேரை.

கடைசி வரியை ஸ்லைடின் முதல் வரி ஆக்குங்கள் தம்பி. 8 பேரில் 6 பேர், அவ்வளவுதான் கையில் இருப்பது. அதில் ஒருத்தர் களை எடுத்த கூலியை நினைத்து மனம் மாறினால் 75 என்பது 63 ஆகிவிடும், இன்னொருத்தரும் மாறினால் 50. ஒரு ஆளுக்கு பன்னிரண்டரை புள்ளி ஆடுகிற எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டால், எதிரே இருப்பவர் நூற்றுக்கணக்கான பேரைக் கேட்டு வந்த கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் தப்பாகப் புரிந்துகொள்ள வழி விட்டுவிட்டீர்கள்.

"நேரடி விதைப்பு செய்த 8 பேரில் 6 பேர் மறுபடி செய்வோம் என்கிறார்கள்" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். சதவீதம் வேண்டாம்.

எவ்வளவு ஆடும் என்று பார்க்க ஆசை இருந்தால், சின்ன எண்ணிக்கைக்கும் பொருந்துகிற வில்சன் முறையில் 95 சதவீத வரம்பு, அதாவது உண்மையான சதவீதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற எல்லை, போட்டுப் பாருங்கள். 8-இல் 6 என்பதற்கு 41 முதல் 93 வரை வரும். அதே 75 சதவீதம் 100 பேரில் 75 பேரிடமிருந்து வந்திருந்தால் 66 முதல் 82 வரை. ஸ்லைடில் இரண்டும் ஒரே உயரத் தூண்தான், உள்ளே சரக்கு வேற. பாடப்புத்தகத்தில் வருகிற எளிய சூத்திரத்தை 8 பேருக்குப் போட்டுவிடாதீர்கள், மேல் எல்லை 105 சதவீதம் என்று வந்து நிற்கும். நூறைத் தாண்டினாலே அந்தச் சூத்திரம் இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்கு ஆகாது என்று தெரிந்துகொள்ளலாம்.

மன்னார்குடி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: அந்தக் குழுவில் நேரடி விதைப்பு செய்ததே அந்த 8 பேர்தான் என்றால் எல்லோரையும் கேட்டாகிவிட்டது. மாதிரி எடுத்தால்தானே பிழை? வரம்பு எதற்கு?

பாதி சரி சார். அந்த 8 பேரைப் பற்றி மட்டும் பேசுவதென்றால் 6 என்பது முழு உண்மை, அதற்கு வரம்பு தேவையே இல்லை. ஆனால் தம்பி வங்கிக்குப் போவது அந்த 8 பேருக்காக இல்லையே. அடுத்த குறுவையில் இன்னும் பல பேர் இதற்கு மாறுவார்கள், கடன் கொடுங்கள் என்று கேட்கத்தான் போகிறார். அந்த நிமிஷமே இந்த 8 பேர் இன்னும் விதைக்காத ஆட்களுக்கு மாதிரி ஆகிவிடுகிறார்கள். அதுவும் முதலில் துணிந்து இறங்கியவர்கள், மேட்டூர்த் தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும் என்று காத்திருக்காமல் போர்வெல்லை நம்பி விதைத்தவர்களாகக்கூட இருக்கலாம். அந்தச் சாய்வை வில்சன் கணக்கு பிடிக்காது, ஆள் எண்ணிக்கை போட்டாலும் சரியாகாது. யாரைக் கேட்டோம் என்று ஒரு வரி எழுதினால்தான் தெரியும்.

நாகப்பட்டினம்: சுத்தி வளைக்காம ஒரே எண் சொல்லுங்க. எத்தனை பேருக்குக் கீழே சதவீதம் போடக்கூடாது?

எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே எண் கிடையாது. தேசிய குடும்ப நல ஆய்வு அறிக்கையின் அட்டவணைகளைப் பாருங்கள். 25 பேருக்குக் குறைவாக இருந்தால் சதவீதத்தையே எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போடுவார்கள், 25 முதல் 49 வரை என்றால் சதவீதத்தை அடைப்புக்குள் வைத்து ஜாக்கிரதை என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய ஆய்விலேயே ஒரு பிரிவுக்குள் ஆட்கள் குறைந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் வேலையில் பின்பற்றுவது: 20-க்குக் கீழே எண்ணிக்கை மட்டும், அதற்கு மேல் எண்ணிக்கை முதலில், சதவீதம் பக்கத்தில். 100 பேருக்குக் கீழே தசமப் புள்ளி கூடாது. 62.5% என்று எழுதுவது 8-இல் 5 பேரை ஆய்வகத் தராசில் நிறுத்த மாதிரி இருக்கும்.

கும்பகோணம், பலகாரக் கடை: சின்ன சாம்பிள் கூடாதுன்னா எப்படிங்க? நாங்க துண்டு துண்டா வெட்டித்தான் ருசி பார்க்கக் கொடுக்கிறோம். நேத்து சாப்பிட்டவங்க 100 சதவீதம் வாங்கினாங்க.

துண்டு சின்னதாகவே இருக்கட்டும் அண்ணே, நான் சொல்வது ஆள் எண்ணிக்கையை. எத்தனை பேர் ருசி பார்த்தார்கள்? 5 பேர் பார்த்து 5 பேரும் வாங்கியிருந்தால் 100 சதவீதம்தான், ஆனால் அதே கணக்குப்படி உண்மை 57-லிருந்து 100 வரை எங்கேயும் இருக்கலாம். பூஜ்யத்துக்கும் இதே கதை. 20 பேரில் ஒருத்தர்கூட குறை சொல்லவில்லை என்றால் குறையே இல்லை என்று அர்த்தமில்லை, 3-ஐ ஆள் எண்ணிக்கையால் வகு என்று ஒரு தோராய விதி உண்டு, அதன்படி 3-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 15 சதவீதம் வரை குறை ஒளிந்திருக்கலாம். வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்து போனவர்களையும் எண்ணினீர்களா என்பது தனிக் கேள்வி.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: மேடம், ஒரு ஊரில் 100 சதவீதம், இன்னொரு ஊரில் 40 சதவீதம். சராசரி 70 என்று போட்டேன், வழிகாட்டி அதை அடித்துவிட்டார். ஏன்?

முதல் ஊரில் 3 பேரையும் இரண்டாவதில் 50 பேரையும் கேட்டதாக உங்கள் அட்டவணையே சொல்கிறது. 3-இல் 3, 50-இல் 20. சேர்த்தால் 53-இல் 23, அதாவது 43 சதவீதம். சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தபோது அந்த 3 பேருக்கு 50 பேர் அளவு எடை கொடுத்துவிட்டீர்கள். எண்ணிக்கை பக்கத்தில் இருந்திருந்தால் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்கும். இன்னொன்று, தூண் வரைபடத்தில் முதல் ஊர்தான் உச்சியில் நிற்கும், பார்ப்பவர்கள் அங்கே என்ன விசேஷம் என்று கேட்பார்கள். 3 பேர் என்பதுதான் விசேஷம். அந்த ஊரைத் தூணாக வரையாமல் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

திருவாரூர்: ஒவ்வொரு தூணிலும் கையால் எழுத முடியாதே. எக்செலில் வழி உண்டா?

உண்டு. B-யில் ஆம் என்றவர்கள், C-யில் பதில் சொன்னவர்கள். D-யில் இது:

```
=C2&"-இல் "&B2&" ("&TEXT(B2/C2,"0%")&")"
```

50-இல் 20 (40%) என்று வரும். அப்புறம் வரைபடத்தில் Format Data Labels திறந்து Value From Cells-ஐ டிக் செய்து D-யைத் தேர்ந்தெடுங்கள், Value-வில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். தவறு அதிகம் நடப்பது C-யில்தான். 60 பேரைக் கேட்டு 10 பேர் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் C 50, அந்த 10 பேரை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். கேள்விக்குக் கேள்வி C மாறும் என்பதால் எல்லா வரிசைக்கும் ஒரே மொத்தத்தை இழுத்துவிடாதீர்கள்.

பட்டுக்கோட்டை: எல்லாம் சரி, எங்களுக்கு வரும் படிவத்தில் சதவீதக் கட்டம் மட்டும்தான் இருக்கு. மீறி எழுதினா திருப்பி அனுப்புறாங்க.

வரிசைப் பெயரில் எழுதிப் பாருங்கள், "பெண் விவசாயிகள், 11 பேர்" என்று. அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் யாரும் பூட்டி வைப்பதில்லை. அதுவும் பூட்டியிருந்தால் எனக்கும் நல்ல வழி தெரியவில்லை. சிலர் 25-க்குக் கீழே கட்டத்தைக் காலியாக விட்டு, கூட அனுப்பும் கடிதத்தில் எண்ணிக்கையை எழுதுகிறார்கள், சிலருக்கு அதுவும் திரும்பி வந்திருக்கிறது. வேறு வழி கண்டுபிடித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.