ஒரே கோடு போதாது

கேள்வி: இந்து சமயச் சீர்திருத்த இயக்கங்களுக்கு ரிவிஷன் போஸ்டர் போடுகிறேன். வருடங்களை வரிசையாக எழுதியும் பிரம்ம சமாஜம் மட்டும் குழப்புகிறது. எப்படி வரைவது?

படிக்கிற காலத்தில் நானும் ஒரே கோடு இழுத்து வருடங்களைக் குத்தி வைத்தவன்தான். பரீட்சையில் ஆதி பிரம்ம சமாஜத்தை ராஜாராம் மோகன்ராய் தொடங்கினார் என்று எழுதி மார்க்கை விட்டேன். 'ஆதி' என்றால் முதலில் வந்தது என்று நானே முடிவு கட்டியதால் வந்த வினை.

பிரம்ம சமாஜத்தை நதி மாதிரி கிளை பிரித்து வரையுங்கள். சார்ட்டைப் படுக்கை வாட்டில் வைத்து, 10 வருடத்துக்கு 8 செ.மீ. என்று எடுத்தால் 1825 முதல் 1905 வரை 64 செ.மீ.யில் அடங்கும். 1828இல் கல்கத்தாவில் ராய் தொடங்கிய கோடு, 1833இல் அவர் பிரிஸ்டலில் இறந்தபின் மெலிகிறது. 1840களில் தேவேந்திரநாத் தாகூர் வந்ததும் தடிக்கிறது. 1866இல் கேசவ சந்திர சென் தன் ஆட்களோடு பிரிந்து இந்திய பிரம்ம சமாஜம் தொடங்கினார். தாகூர் பக்கம் நின்ற பழைய கிளைக்கு 'ஆதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். அதனால் அந்தப் பெயரை 1828க்குப் பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

அடுத்த பிளவைக் கதையாக நினைவில் வைத்தால் மறக்காது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயது வைத்த 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்காக முன்னின்று பாடுபட்டவர் சென். அவரே 1878இல், 14 நிரம்பாத தன் மகளைக் கூச் பிகார் மகாராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கும் 18 ஆகவில்லை. கூட இருந்தவர்கள் கொதித்துப்போய் அதே வருடம் மே மாதம் சாதாரண பிரம்ம சமாஜத்தைத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் 'சாதாரண' நம்ம ஊர் சாதாரணம் இல்லை, வங்காளத்தில் 'பொது' என்று அர்த்தம். ஒருவர் வைத்ததே சட்டம் என்ற நிலை வேண்டாமென்று விதிமுறைகளோடு அமைத்த சபை அது. ஆக, போஸ்டரில் 1872ஐயும் 1878ஐயும் ஒரே நிறத்தில் எழுதி அம்புக்குறியால் இணையுங்கள்.

மற்றவை சுலபம். ஊர்வாரியாக வரிசை பிரித்தால் போதும். 1864இல் சென் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்வந்தார். சென்னையில் அதே வருடம் வேத சமாஜம், பம்பாயில் 1867இல் பிரார்த்தனை சமாஜம். இரண்டுக்கும் கல்கத்தா வரிசையிலிருந்து அம்பு போடலாம். புனேயில் ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜத்துக்கு (1873) அந்த அம்பு கிடையாது, அதன் வேர் வேறு. ஆரிய சமாஜத்தில் மட்டும் ஒரு கண் வையுங்கள். பஞ்சாபில் வேரூன்றியதால் பலரும் அதை லாகூர் வரிசையில் தொடங்கிவிடுவார்கள். தயானந்தர் அதைத் தொடங்கியது 1875இல், பம்பாயில். கோட்டைப் பம்பாய் வரிசையில் ஆரம்பித்து 1877இல் லாகூருக்கு ஏற்றுங்கள். ராமகிருஷ்ண மிஷன் 1897, திரும்பவும் கல்கத்தா வரிசை.

உடன்கட்டை ஏறுவதைத் தடுத்த சதி ஒழிப்புச் சட்டம் (டிசம்பர் 1829) அரசாங்கத்தின் சட்டம், இயக்கம் இல்லை. அதைக் கோட்டுக்கு மேலே தனிப் பெட்டியில் போடுங்கள்.