"மொட்டையாக இருக்கே" என்று கவலைப்படும் அப்பாவுக்கு

அண்ணே, வணக்கம். இராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில் கடற்பாசி வளர்ப்புப் பயிற்சி கேட்டு உங்கள் மகள் எழுதிய மெயிலின் தொடக்கத்தை நான் ஒரே வரியாகச் சுருக்கியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "பெரிய விஞ்ஞானிக்கு இப்படி மொட்டையாக எழுதினால், மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைக்க மாட்டாங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எதை வெட்டினேன், எதைத் தொடாமல் விட்டேன் என்று விவரமாகச் சொல்கிறேன். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். அடுத்த மெயிலை அவளே சுருக்கிவிடுவாள்.

அவள் முதலில் எழுதியது இது:

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, எனது பணிவான வணக்கங்கள். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்களுடைய பொன்னான நேரத்தில் குறுக்கிடுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் இராமநாதபுரத்தில் உள்ள கல்லூரியில் இளங்கலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்து வரும் மாணவி என்பதையும், சிறு வயது முதலே கடல்சார் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டவள் என்பதையும், என் தாயார் கடற்பாசி எடுக்கும் தொழில் செய்பவர் என்பதையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருவதோடு, தங்கள் நிலையத்தில் மே மாதம் நான்கு வாரங்கள் கடற்பாசி வளர்ப்புப் பயிற்சி பெற ஏதேனும் வாய்ப்பு இருப்பின் அதைத் தெரிவித்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பிழை என்று ஒரு சொல்லையும் காட்ட முடியாது. ஆனால் படிக்கிறவர் பக்கமிருந்து பாருங்கள். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "என்பதையும், என்பதையும்" என்று கோத்துக்கொண்டே போனால், எதற்காக எழுதியிருக்கிறாள் என்பது கடைசிச் சொற்களை எட்டும்வரை தெரியாது. அவர் செல்போனில் மெயிலைப் பார்த்தால், திறப்பதற்கு முன்பு அனுப்பியவர் பெயரும் தலைப்பும் முதல் சில சொற்களும் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் "தாங்களும் தங்கள் குடும்பத்தாரும்" என்று இருந்தால் பயிற்சி கேட்கும் மெயிலா, அழைப்பிதழா, நன்கொடை கேட்பதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

நலம் விசாரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் நேராக விஷயத்துக்குப் போக மாட்டோம். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்காங்க என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் கேட்ட பிறகுதான் வந்த காரியத்தைப் பேசுவோம். அதுதான் முறை. ஆனால் மெயிலில் அவரால் உடனே பதில் சொல்ல முடியாது. முன்பின் அறியாத ஒருவரின் குடும்பத்தை விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரியிலேயே உதவி கேட்டால் அந்த விசாரிப்பில் உயிர் இருக்காது. பழகிய ஆசிரியருக்கு எழுதும்போது தாராளமாக நலம் கேட்கட்டும். முதன்முறை எழுதும் அதிகாரிக்கு "வணக்கம்" போதும்.

சரி, வெட்டும் வேலைக்கு வருவோம். முதலில் கடைசி வினையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே அது "கேட்டுக்கொள்கிறேன்". எதைக் கேட்கிறாள்? பயிற்சி பெற வாய்ப்பு உண்டா என்று. இந்த வரி தனியாக நிற்க வேண்டுமானால் யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், எப்போது, எவ்வளவு காலம் என்பது தெரிந்தாக வேண்டும். அலுவலகத்துக்கு வரும் மெயில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். "இது உங்கள் பிரிவுக்கு வந்தது" என்று முதல் வரியைப் பார்த்தே அனுப்பிவிட முடிந்தால் பிள்ளைக்குத்தான் நல்லது. பிறகு ஒவ்வொரு துண்டையும் எடுத்து, "இது இல்லாவிட்டால் அவரால் பதில் சொல்ல முடியாதா?" என்று கேட்க வேண்டும். "பொன்னான நேரம்" இல்லாமல் பதில் சொல்லலாம். "சிறு வயது முதலே ஆர்வம்" இல்லாமலும் சொல்லலாம். "மூன்றாம் ஆண்டு விலங்கியல்" இல்லாமல் முடியாது, ஏனென்றால் பயிற்சிக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பதே அதை வைத்துத்தான். "மே மாதம்" இல்லாமலும் முடியாது.

இப்படிச் சலித்ததும் பிள்ளையின் முதல் முயற்சி இப்படி வந்தது: "எனக்கு மே மாதம் நான்கு வாரம் கடற்பாசிப் பயிற்சி வேண்டும்." தெளிவாக இருக்கிறது, ஆனால் கடைக்காரரிடம் சாமான் கேட்பதுபோல் இருக்கிறது. நீங்கள் பயந்தது இதற்குத்தான், அந்தப் பயம் சரியானதே. இதைச் சரிசெய்ய அவள் "தயவுசெய்து பயிற்சி அளிக்கவும்" என்று மாற்றினாள். அதுவும் போதாது அண்ணே. "அளிக்கவும்", "அனுப்பவும்", "தெரிவிக்கவும்" எல்லாம் முன்னால் எத்தனை தயவுசெய்து போட்டாலும் உத்தரவின் வடிவம்தான். அலுவலகச் சுற்றறிக்கையில் மேலிருப்பவர் கீழே உள்ளவர்களுக்கு எழுதும் முடிவு அது.

மரியாதை நிற்பது வினையின் முடிவில். "வாய்ப்பு உண்டா என அறிய விரும்புகிறேன்", "அனுமதிக்க இயலுமா?" என்று முடித்தால் "இப்போது இடமில்லை அம்மா" என்று சங்கடமில்லாமல் சொல்லும் வழியை அவருக்குத் திறந்து வைக்கிறோம். "வேண்டும்" என்பதிலும் "அளிக்கவும்" என்பதிலும் அந்த வழி இல்லை. இதோடு தொடக்கத்தில் ஒரு "ஐயா", நடுவில் ஒரு "தங்கள்" இருந்தால் பணிவு முழுமையாக வந்துவிடும். பெண் விஞ்ஞானி என்றால் "அம்மையீர்". பெயர் தெரிந்தால் "முனைவர்" என்று போட்டு, எழுத்துப் பிழையில்லாமல் பெயரை எழுதட்டும். என் கணிப்பில் "பெருமதிப்பிற்குரிய" என்ற சொல்லைவிட, சரியாக எழுதிய பெயருக்குத்தான் அவர் மனம் இளகும்.

இப்போது வரியைப் பாருங்கள்:

"ஐயா, வணக்கம். இராமநாதபுரத்தில் இளங்கலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், மே மாதம் நான்கு வாரம் தங்கள் நிலையத்தில் கடற்பாசி வளர்ப்புப் பயிற்சி பெற வாய்ப்பு உண்டா என அறிய விரும்புகிறேன்."

வரி இவ்வளவு சுருங்கிய பிறகுதான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. நம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் பாசி, நாற்றுக் கட்டிய நாளிலிருந்து அறுவடைக்கு வர ஏறத்தாழ 45 நாள் ஆகும். நான்கு வாரத்தில் பிள்ளை கட்டுவதைப் பார்ப்பாள், அறுப்பதைப் பார்க்க மாட்டாள். நீளமான வாக்கியத்துக்குள் இது யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒளிந்திருந்தது. பாசி வேலை தெரிந்தவர் படித்தால், யோசிக்காமல் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துவிடலாம். கல்லூரித் திறப்பு இடம் கொடுத்தால் "மே முதல் வாரம் தொடங்கி 45 நாள்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

"தங்கள் நிலையம்" என்பதையும் பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கிறது. இரண்டுக்கும் எழுதப் போகிறாள் என்றால் இரண்டு மெயிலும் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்றில் மற்றதன் பெயர் இருந்துவிட்டால், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் காப்பாற்ற முடியாது.

வெட்டியதில் ஒன்றை மட்டும் நான் எறியவில்லை. அண்ணி பாசி எடுக்கப் போகிறவர் என்ற செய்தி. பிள்ளை அதை இரக்கம் வரட்டும் என்று எழுதியிருந்தாள், அதனால் முதல் வரியில் அது பாரமாக இருந்தது. இரண்டாம் பத்தியில் வைத்தால் அதுவே அவளுடைய தகுதி ஆகிவிடும்: "என் தாயார் கடற்பாசி எடுப்பவர். அவருடன் சென்று மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகிய பாசிகளை நேரில் பார்த்து அடையாளம் காணக் கற்றிருக்கிறேன்." படத்தில் மட்டும் பாசியைப் பார்த்த மாணவர்கள் எழுத முடியாத வரி இது. எனக்கு இந்த மெயிலில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். அண்ணியிடமும் படித்துக் காட்டுங்கள். எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று அவர் சொல்வதைக் கேட்டு, இன்னொரு வரியும் சேர்க்கலாம்.

அப்புறம், அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தமிழர்களாக இருக்க மாட்டார்கள், பல மாநிலத்தவர் வந்து போகும் இடம். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தாலும் இதே வேலைதான். "ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்பது அங்குள்ள குடும்ப விசாரிப்பு, அதை விட்டுவிடலாம். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே அவருக்கு விளங்காது. "உட் இட் பி பாசிபிள்" என்று தொடங்கி நேராகப் பயிற்சியையும் தேதியையும் சொல்லட்டும். அதில் ஆங்கிலத்துக்கு வேண்டிய பணிவு இருக்கிறது.

மெயிலின் தலைப்பில் "கடற்பாசிப் பயிற்சி, மே மாதம், விலங்கியல் 3-ஆம் ஆண்டு மாணவி" என்று இருக்கட்டும். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்கச் சொல்லுங்கள், இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் கேட்பார்கள். இணைத்திருப்பதை மூன்றாம் பத்தியில் ஒரு வரியில் சொன்னால் போதும். பதில் வராமல் பத்து நாள் போனால் கோபமோ கெஞ்சலோ இல்லாமல் அதே மெயிலுக்குக் கீழே, "ஐயா, வணக்கம். கடற்பாசிப் பயிற்சி குறித்து நான் எழுதியதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன், இவ்வாண்டு இடமில்லை எனில் அதைத் தெரிவித்தாலும் உதவியாக இருக்கும்" என்று எழுதட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரில் போய்வரலாம்.