பதினேழு கிலோ எடுத்தவர்கள் எங்கே?

கேள்வி: சேர், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகப் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு நாள் கொழுந்தெடுத்த 60 பேரின் நிறையை எக்செல்லில் போட்டு ஹிஸ்டோகிராம் கீறினேன். 5 கிலோ அகலம் வைத்தால் ஒரு மேடு வருகிறது. எக்செல்லை அதன்பாட்டில் விட்டால் இரண்டு. 1.5 வைத்தால் மூன்று. எங்கள் நோர்ம், அதாவது ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்க வேண்டிய அளவு, 18 கிலோ. எந்தப் படத்தைத் துரையிடம் காட்டுவது? தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்றையும் காட்டாதீர்கள். முதலில் தாளில் உள்ளதை எந்த வகுப்பும் இல்லாமல், கிலோவுக்கு ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். ஒரு நட்சத்திரம் ஒரு ஆள்.

```
11 *
12 **
13 ***
14 ****
15 ***
16 **
17 *
18 **************
19 ******
20 ****
21 *****
22 *****
23 ****
24 ***
25 **
26 *
```

60 பேர் அளவுக்கு இதுவே போதுமான படம். இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மூன்று படங்களும் இதிலிருந்து எப்படிப் பிறந்தன என்று பார்ப்போம். பாடசாலையில் இதை வலையுரு வரையம் என்றும், சலாகையின் அகலத்தை வகுப்பாயிடையின் பருமன் என்றும் படித்திருப்பீர்கள். நான் சுருக்கமாக 'அகலம்' என்றே சொல்கிறேன்.

5 கிலோ படத்தில் எக்செல் ஆகச் சிறிய எண்ணான 11இல் தொடங்கும். அதனால் 11 முதல் 16 வரை முதல் சலாகை, 17 முதல் 21 வரை அடுத்தது, 22 முதல் 26 வரை கடைசி. எண்ணிப் பாருங்கள்: 15, 30, 15. தராசில் வைத்த மாதிரி இரண்டு பக்கமும் சமம். இவ்வளவு அழகான படத்தைக் கண்டால் எவருக்கும் 'எல்லாம் சாதாரணமாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். ஆனால் 17இல் ஒரே ஒரு ஆளும் 18இல் பதினான்கு பேரும் இருப்பது அந்த நடுச்சலாகைக்குள் புதைந்து போய்விட்டது. முதல் சலாகைக்குள் ஆறு கிலோ எண்கள், மற்றவற்றுக்குள் ஐந்து ஐந்து என்பதும் வெளியே தெரியாது.

இதே பிழையை இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நானும் செய்தேன். ஒரு தோட்டக் கந்தோரில் 5 கிலோ அகலத்தில் படம் கீறி, 'நல்ல மணி வடிவம்' என்று பெருமையாகக் காட்டினேன். கூட இருந்த வயதான கணக்கப்பிள்ளை படத்தைப் பார்க்கவேயில்லை. ஆட்களின் வரவும் நிறையும் எழுதும் செக்ரோலைத்தான் புரட்டினார். "தம்பி, பதினேழு கிலோ எடுத்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டார். மலையில் பதினேழோடு யார் கூடையை இறக்கப் போகிறார்கள்! 18 வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். அவருக்குத் தெரிந்த அந்த விஷயம் என் சலாகைக்குத் தெரியவில்லை.

இனி 1.5 கிலோ படம். இதில் தெரியும் மூன்றாவது மேடு உங்கள் தோட்டத்தில் இல்லவே இல்லை, அதை உண்டாக்கியது அகலம்தான். உங்கள் தாளில் எல்லாமே முழுக் கிலோ. காலை, பகல், அந்தி என்று மூன்று முறை நிறுத்தாலும் ஒவ்வொரு தடவையும் முழுக் கிலோவாகத்தான் பதிகிறார்கள், ஆகவே கூட்டுத்தொகையும் முழு எண்தான். அப்படிப்பட்ட எண்களை 1.5 அகலப் பெட்டிகளில் போட்டால் ஒரு பெட்டிக்குள் இரண்டு கிலோ எண்கள் விழும், அடுத்ததற்குள் ஒன்றுதான் விழும். உங்கள் படத்தின் வலது பக்கத்தில் 5, 9, 3 என்று சலாகைகள் ஏறி இறங்குகின்றன அல்லவா? முதலாவதில் 21 மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் 22உம் 23உம். மூன்றாவதில் 24 மட்டும். கிலோவுக்கு எத்தனை பேர் என்று பிரித்தால் 5, நாலரை, 3. மேடே இல்லை, மெல்ல இறங்கும் சரிவு.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சலாகைகள் ஒன்றுவிட்டு ஒன்று உயர்ந்து தாழ்ந்து வாளின் பல் மாதிரித் தெரிந்தால், எண்கள் எந்த அலகில் பதியப்பட்டன என்று முதலில் கேளுங்கள். அகலம் அந்த அலகின் முழு மடங்காக இருக்க வேண்டும். முழுக் கிலோவில் பதிந்தால் 1, 2 அல்லது 3. அரைக் கிலோ அகலம் வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு பெட்டி வெறுமையாகிச் சீப்பு மாதிரி வரும்.

எக்செல் அதன்பாட்டில் கீறிய படம் மற்ற இரண்டையும் விடப் பரவாயில்லை. ஆனால் அது யோசித்து வைத்த அகலம் என்று நம்பிவிடாதீர்கள். டேவிட் ஸ்கொட் 1979இல் தந்த சூத்திரத்தைத்தான் அது பயன்படுத்துகிறது: நியமவிலகலை 3.49ஆல் பெருக்கி, தரவுகளின் எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். உங்கள் தாளில் நியமவிலகல் சுமார் 3.6, 60இன் கனமூலம் சுமார் 3.9, ஆகவே அகலம் 3.2 அளவில் வருகிறது. அந்தச் சூத்திரம் தரவு ஒற்றை மணி வடிவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு செய்யப்பட்டது. இரண்டு கூட்டம் கலந்திருந்தால் நியமவிலகல் பெருக்கும், அகலமும் கூடவே பெருக்கும், எதைப் பார்க்க வேண்டுமோ அது மங்கும். உங்களுக்கு அப்படி முழுதாக மங்காமல் போனது அதிர்ஷ்டம், பெட்டியின் ஓரம் தற்செயலாக 17க்கும் 18க்கும் நடுவில் விழுந்துவிட்டது.

அந்த ஓரம்தான் அகலத்துக்கு அடுத்த பிரச்சினை. அகலத்தை 2 என்று வைத்து, அழகாக இருக்கட்டும் என்று 10, 12, 14 என ஓரங்களைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். எக்செல்லில் ஓரத்தில் விழும் எண் இடப்பக்கப் பெட்டிக்குப் போகும். எனவே 16–18 என்ற சலாகைக்குள் 17உம் 18உம் ஒன்றாக அடைபடும். சலாகைகள் 3, 7, 5, 15, 10, 10, 7, 3 என்று வரும். 7க்குப் பிறகு 5 என்ற சின்னப் பள்ளத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதே 2 கிலோ அகலத்தில் ஓரத்தை 17.5இல் விழ வைத்தால் 1, 5, 7, 3, 20, 9, 9, 5, 1. மூன்றிலிருந்து இருபதுக்கு ஒரே பாய்ச்சல்! அகலம் மாறவில்லை, ஓரம் அரைக் கிலோ நகர்ந்தது, அவ்வளவுதான்.

செய்முறை இது. படத்தின் கிடை அச்சில் வலது கிளிக் செய்து Format Axis போய், Bin width 2 என்றும் Underflow bin 11.5 என்றும் கொடுங்கள். ஓரங்கள் 11.5, 13.5, 15.5, 17.5 என்று வரும். எந்த ஆளும் ஓரத்தின்மேல் நிற்கமாட்டார், ஆகவே இடமா வலமா என்ற கேள்வியே எழாது. படத்தை நம்பாமல் நீங்களே எண்ண விரும்பினால், நிறை B நிரலிலும் கொழுந்தெடுத்த மலையின் இலக்கம் C நிரலிலும் இருக்க, D2இல் 10, D3இல் 12 என்று எழுதிக்கொண்டு போங்கள்:

```
=COUNTIFS(B$2:B$61,">="&D2,B$2:B$61,"<"&D2+2)
```

இரண்டு கிலோ ஏன், ஒன்று ஏன் ஆகாது? ஒன்றும் ஆகும், மேலே நட்சத்திரத்தில் கீறியது அதுதான். ஆனால் 60 பேரை 16 பெட்டிகளில் பங்கு போட்டால் பெட்டிக்கு நாலு பேர் கூட இல்லை. அந்த அளவில் சும்மா தற்செயலாகவே இரண்டு பேர் கூடலாம், குறையலாம். ஒரு பெட்டியில் எத்தனை பேரை எதிர்பார்க்கிறோமோ அதன் வர்க்கமூலம்தான் அந்தத் தற்செயல் ஆட்டத்தின் அளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து எதிர்பார்க்கும் இடத்தில் 4 வந்ததா 6 வந்ததா என்பதில் கதை எதுவும் இல்லை. ஐந்து எதிர்பார்க்கும் இடத்தில் 14 வந்தால் அது ஆட்டம் அல்ல. ஆகவே 18இன் உச்சம் உண்மை. 14இல் தெரியும் சின்ன மேடு உண்மையா என்பதை இந்தப் படத்தை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதற்கு வேறு வழி உங்கள் தாளிலேயே இருந்தது. மலை இலக்கத்தையும் பதிந்திருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். பிரித்துப் பார்த்தேன். நாலாம் இலக்க மலையில் 22 பேர், அவர்களில் 14 பேர் 18க்குக் கீழே, 14 கிலோவைச் சுற்றி. ஏழாம் இலக்கத்தில் 38 பேர், இரண்டே பேர்தான் 18க்குக் கீழே, மற்றவர்கள் 26 வரை பரந்திருக்கிறார்கள். இரண்டு மேடு என்பது இரண்டு மலை. நாலாம் இலக்கம் கவ்வாத்துக்கு நெருங்கியதா, கொழுந்து முற்றிய மலையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் 18இன் உச்சம் பிரித்த பின்னும் போகவில்லை. நாலாம் இலக்கத்தில் 16 எடுத்தவர் ஒருவர், 17 எடுத்தவர் யாருமில்லை, 18 எடுத்தவர்கள் ஐந்து பேர். ஏழாம் இலக்கத்தில் 17இல் ஒருவர், 18இல் ஒன்பது. இது மலையால் வந்ததல்ல, நோர்மால் வந்தது.

துரைக்கு இந்த இரண்டு மலைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே 2 கிலோ அகலத்தில், ஒரே 17.5 ஓரத்தோடு, கிடை அச்சு நேர்க்கோட்டில் வர வையுங்கள். ஆட்களின் தொகை வேறுவேறு என்பதால் உயரத்தைச் சதவீதமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் 38 பேர் உள்ள மலை சும்மாவே பெரிதாகத் தெரியும். நோர்மைக் காட்ட 17.5இல் ஒரு நெடுக்கோடு.

18 ஏன் குவிந்தது என்று அவர் கேட்பார். அதற்குப் படத்தில் பதில் இல்லை. 16 கிலோவில் நின்ற பெண்கள் அந்தி நிறுவைக்கு முன் ஓடியாடி இரண்டு கிலோ சேர்த்தாலும் இதே உச்சம் வரும், 17ஐ யாரோ இரக்கப்பட்டு 18 என்று எழுதினாலும் இதே உச்சம் வரும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு எழுதிய எண் என்றால் கழிக்கும் கையிலும் இருக்கலாம். தராசு காட்டிய தசம எண் எங்காவது எழுதி இருந்தால், 18 என்று பதிந்த அந்தப் பதினான்கு பேரின் மூன்று நிறுவைகளையும் செக்ரோலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தராசும் செக்ரோலும் ஒத்துப்போனால் அது அவர்களின் ஓட்டம். ஒவ்வொரு நிறுவையையும் முழுக் கிலோவாக்கியதால் வந்த வித்தியாசமாக இல்லாமல், தராசு 17.2 காட்டிச் செக்ரோல் 18 சொன்னால் அது எழுதியவர் கை. அந்தத் தாளைத் துரையிடம் கொடுக்கும் முன் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.